மன்னிப்புக்கு மட்டும் என் பெயர்

என்னுடைய ஆங்கிலத்தைப் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். வருகைப் பதிவேடு வைக்கும் மேசைக்கு மேலே, சுவரில், பச்சைத் துணி போர்த்திய அறிவிப்புப் பலகை. லீவு நாள் பட்டியலும் போனஸ் அறிவிப்பும் இருக்க வேண்டிய இடத்தில் நான் அனுப்பிய மெயிலின் பிரிண்ட் ஒன்று. அதில் இரண்டு இடங்களில் சிவப்பு வட்டம். 'தேங்க்ஸ் ஃபார் இன்ஃபார்ம் மீ.' 'சாரி ஃபார் டிலே.' மேலே அழகான கையெழுத்தில், 'இந்த வாரத்து முத்து' என்று தமிழில் எழுதியிருந்தது. தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலம் தெரியாதவர்களும் சிரிக்க வேண்டும் அல்லவா?

திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையின் ஏற்றுமதிப் பிரிவில் நான் பத்து வருடமாக வேலை பார்த்து வந்தேன். முத்துப் பதித்தவர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சென்னையில் படித்து, சென்னையில் வேலை பார்த்து, எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக வந்தவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். எல்லோரையும் 'மேடம்', 'சார்' என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்குக் குறைவே கிடையாது. மரியாதையாகவே ஒரு ஆளை எப்படி நாலு பேர் முன்னால் கூனிக்குறுக வைக்கலாம் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

நான் செம்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரி. பூ விவசாயம் செய்கிற வீடு. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த தைரியத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த மில்லுக்கு மனுப் போட்டேன். டெலக்ஸ் மெஷினுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டார்கள்.

டெலக்ஸைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெரிய இயந்திரம். இங்கே நான் அடித்தால் கடல் தாண்டி இன்னொரு இயந்திரம் அதையே அடிக்கும். லைன் திறந்திருக்கிற ஒவ்வொரு நொடிக்கும் கட்டணம். அதனால் செய்தியை முதலில் காகித நாடாவில் ஓட்டை போட்டு வைத்துக்கொண்டு, லைன் கிடைத்ததும் ஒரே ஓட்டமாக ஓட விடுவோம். சொல்லை எவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவு கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த' வராது, 'ஏ' வராது. வால் முளைத்த சொல்லுக்கெல்லாம் வாலை நறுக்கிவிடுவோம். 'இன்ஃபார்மிங்' என்று யார் அடிப்பது? 'இன்ஃபார்ம்' போதும், மூன்று எழுத்து மிச்சம். பழைய மேனேஜர் அதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்.

டெலக்ஸில் இன்னும் இரண்டு பழக்கம் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் தலையில் வரிசை எண், தேதி, மணி போட வேண்டும். இரண்டாவது, கெட்ட செய்தி வந்தால் அந்த மணிக்குள்ளேயே அனுப்பிவிட வேண்டும். நல்ல செய்தி மத்தியானம் வரை காத்திருக்கலாம். கெட்ட செய்தி காத்திருக்கக் கூடாது.

அப்புறம் டெலக்ஸ் போய் மெயில் வந்தது. கட்டணக் கவலை போனது. ஆனால் விரல்களுக்கு யார் போய்ச் சொல்வது? அவை நறுக்கியபடியே அடித்துக்கொண்டிருந்தன. நூல் வாங்குகிறவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. போர்ச்சுகலில் சட்டைத் துணி நெய்கிற ஒருவர் எங்களிடம் வருடக்கணக்காக வாங்கினார். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர் எழுதுவது எனக்குப் புரியும், நான் எழுதுவது அவருக்குப் புரியும். கப்பல் எப்போது கிளம்பும் என்று நான் சொன்னால் அதை நம்பி அவர் தறியை ஓட்டுவார். எனக்குத் தெரிந்து வியாபாரக் கடிதத்துக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை.

முத்து பலகையில் ஏறிய அன்று டெஸ்பாட்ச் அண்ணன்கூடச் சிரித்தார். அதுதான் வலித்தது. லாரி ஏற்றி அனுப்புகிற பிரிவுக்கு அவர் பொறுப்பு. வீட்டில் பாதிப்பேர் வாத்தியார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன தங்கச்சி, பலகையில எல்லாம் ஏறிட்ட?" என்றார்.

"நீங்க சிரிங்கண்ணே. சிரிச்சு முடிச்சிட்டு, அதுல என்ன தப்புன்னு சொல்லுங்க."

அவர் செத்த நேரம் அந்த வட்டங்களையே பார்த்தார். "தப்புன்னு தெரியுது தங்கச்சி. ஏன்னுதான் தெரியல" என்றார். சிரித்தவர்களில் பாதிப்பேர் நிலைமை அதுதான்.

மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனி இமேஜ் ஒண்ணு இருக்கு. இனிமே நீங்க டிராஃப்ட் மட்டும் எடுத்து என் டிரேயில வைங்க. நான் கரெக்ட் பண்ணி என் பேர்ல அனுப்பிடறேன். மூணு மாசம் பார்ப்போம். சரிவரலைன்னா பேக்கிங் செக்‌ஷன்ல ஒரு சீட் காலியா இருக்கு."

மெயில் பெட்டியின் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட்டார்.

பேக்கிங் என்றால் பஞ்சுத் தூசிக்குள் நின்றுகொண்டு நூல் கோன்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குவதை மேற்பார்வை பார்ப்பது. அந்த வேலை செய்கிற பெண்களைக் குறைவாக நினைத்து இதைச் சொல்லவில்லை. என் நாற்காலியை நான் சம்பாதித்திருந்தேன். அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. பத்து வருடமாக ஒவ்வொரு செய்தியின் கீழும் என் பெயர் இருந்தது. பக்கத்து ஊரைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத ஒருத்தியின் பெயர் ஆறேழு நாடுகளில் ஆபீஸ்களில் தெரிந்திருந்தது. அதை ஒரே நாளில் அழித்துவிட்டார்.

அழுதேனா என்றால், இல்லை. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, வேலைதான் வரும். பழைய மெயில் பிரிண்ட்களைப் போட்டுவைக்கிற பீரோவைத் திறந்தேன். லண்டன் பக்கம் ஒரு ஏஜெண்ட் எங்களுக்கு எழுதுவார். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் எழுதிய எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். 'ஃபார் சென்டிங்.' 'ஃபார் வெயிட்டிங்.' 'பிஃபோர் லோடிங்.' 'ஆஃப்டர் ரிசீவிங்.' 'வித்தவுட் ஓப்பனிங்.' 'ஃபார் இன்ஃபார்மிங்.' நான் நறுக்கிப் போட்ட வாலெல்லாம் அங்கே முழுசாக இருந்தது.

நாலு நாள் எழுதினதும் ஒழுங்கு தெரிந்துவிட்டது. ஃபார், பிஃபோர், ஆஃப்டர், வித்தவுட் மாதிரியான சின்னச் சொற்களுக்குப் பின்னால் ஒரு வினை வந்தால் அது 'இங்' இல்லாமல் வருவதே இல்லை. ஏன் என்பது மட்டும் பிடிபடவில்லை. அது சாயங்காலம் செம்பட்டி பஸ்ஸில், நின்றுகொண்டு போகும்போது பிடிபட்டது. நாம் 'வந்ததற்கு நன்றி' என்கிறோம். 'வாவுக்கு நன்றி' என்று யாராவது சொல்வார்களா? 'ஏற்றுவதற்கு முன்' என்கிறோம், 'ஏற்றுக்கு முன்' என்பதில்லை. 'கு' போட வேண்டுமானால் வினையை முதலில் ஒரு பெயராக ஆக்கிக்கொள்கிறோம். வந்தது, ஏற்றுவது, தெரிவித்தது. அவர்களுக்கு அந்த வேலையை 'இங்' செய்கிறது. அவ்வளவுதான். இதையே யோசித்தால் மற்றதும் விளங்கிவிட்டது. 'டிலே' என்பது தாமதம். அது ஏற்கெனவே பெயர்தான், அதற்கு 'இங்' தேவையில்லை, முன்னால் 'த' போட்டால் போதும். சாரி ஃபார் த டிலே.

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இம்புட்டுத்தானா? இந்தச் சுண்டைக்காய்க்கா என்னைப் பலகையில் ஏற்றினார்கள்? பக்கத்தில் நின்ற அம்மா, தன் பூக்கூடை இடித்துவிட்டதோ என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தப்பு தப்புதான். அதை நான் மறுக்கவில்லை. சொன்னால் திருத்திக்கொள்கிற தப்பு. சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க மனசில்லாமல் ஒரு வாரம் சுவரில் மாட்டி வைத்ததைத்தான் நான் மன்னிக்கவில்லை. இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து என் டிராஃப்ட்களில் சிவப்பு வட்டம் குறைந்தது. ஒரு மாதத்தில் வட்டமே இல்லை. அவர் அதைக் கவனித்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. டிராஃப்டை எடுப்பார், அப்படியே அடிப்பார், கீழே தன் பெயரைப் போடுவார். அதோடு ஒவ்வொரு மெயிலின் கடைசியிலும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பார். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.'

என் நோட்டில் லண்டன்காரர் அதை நாற்பது தடவை எழுதியிருந்தார். நாற்பது தடவையும் 'டு ஹியரிங்'தான். சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியாது.

"சார், அந்த டுவும் ஃபார் மாதிரிதான் சார். ஹியரிங்னு வரணும்."

அவர் சிரித்தார். "டு வந்தா வெர்ப் சாதாரணமாத்தான் வரும் மேடம். டு கோ, டு ஈட். அது ஸ்கூல்லயே சொல்லிக் குடுப்பாங்களே."

"எதிர்பார்க்கிறது எதை சார்? கேக்கிறதை. அதுவும் பேருதானே?"

"விடுங்க மேடம். உங்க டிராஃப்டைப் பாருங்க."

விட்டுவிட்டேன். அவர் இன்றும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் நன்றி மெயில்கள் எல்லாம் அவருக்கு வந்தன. 'சரக்கைச் சீக்கிரம் அனுப்பியதற்கு நன்றி', 'மாதிரி கோன் அனுப்பியதற்கு நன்றி' என்று அவர் பெயருக்கே வரும். சரக்கை அனுப்பியது டெஸ்பாட்ச் அண்ணன். எழுதியது நான். மாதக் கூட்டத்தில் அதிகாரி அந்த நன்றிகளை முதலாளி முன்னால் வாசித்துக் காட்டுவார். அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. காலை பத்தரைக்குத் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏஜெண்ட் போன் செய்தார். புதன்கிழமை போர்ச்சுகல் போய்ச் சேர வேண்டிய எங்கள் கன்டெய்னரை, வழியில் கப்பல் மாற்றுகிற துறைமுகத்தில் அடுத்த கப்பலில் ஏற்றவில்லை. இடமில்லை. அடுத்த கப்பல் ஏழு நாள் கழித்துத்தான்.

பத்து நாற்பதுக்கு டிராஃப்ட் தயார். வரிசை எண், தேதி, மணி போட்டு டிரேயில் வைத்தேன். வைத்ததோடு நில்லாமல் சொன்னேன். "சார், இது அவசரம். அவருக்கு இன்னைக்கே தெரிஞ்சா ஒரு வாரத்துக்கு வேண்டிய நூலை அங்கேயே வாங்கிக்குவாரு. இல்லைன்னா தறி நின்னுரும்."

"பார்த்துட்டு அனுப்பறேன் மேடம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கேட்டேன். "கரெக்ட் பண்ணிட்டு இருக்கேன்" என்றார். எனக்குப் பாஸ்வேர்ட் தெரியாது. போன் போடலாம் என்றால் வெளிநாட்டு லைன் அவர் மேசையில்தான் இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் முதலாளியே எங்கள் பிரிவுக்கு வந்துவிட்டார். ஒட்டன்சத்திரம் பக்கத்து மனுசர். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவர். போர்ச்சுகல்காரர் நேராக அவருக்கே போன் செய்திருக்கிறார். காலையிலிருந்து தறி நிற்கிறது. கப்பல் விஷயத்தை அவரே வேறு யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, மூணு நாளா ஒரு வார்த்தை சொல்லலைங்கறாரே. என்னாச்சுங்க?" என்று அதிகாரியைக் கேட்டார்.

அதிகாரி எழுந்து நின்றார். "மேடம்கிட்ட இருந்து டிராஃப்ட் லேட்டா வந்தது சார். இங்கிலீஷ் வேற சரி பண்ண வேண்டியிருந்தது. உங்களுக்கே தெரியும், அவங்க பேக்கிரவுண்ட் அப்படி. உடனே ஒரு அபாலஜி அனுப்பிடறேன் சார்."

சொல்லிக்கொண்டே அடித்தார். அடித்து முடித்துவிட்டு, "மேடம் பேர்லயே போகட்டும் சார். கஸ்டமருக்குப் பழகின பேரு" என்றார்.

நான் எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். தகவல் சொல்லத் தாமதித்ததற்கு நான் வருந்துவதாக இருந்தது. இனி கவனமாக இருப்பேன் என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. கீழே, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, என் பெயர்.

எனக்குக் காது சூடேறியது. வேலை போகும் என்று தெரிந்தது. போனால் போகட்டும் என்று இருந்தது.

"என் பேரை எடுங்க சார்" என்றேன்.

"மேடம்..."

"மூணு மாசமா வந்த நன்றி பூராவும் உங்க பேருக்குத்தானே வந்துச்சு? அப்ப என் பேரு ஆகலை. மன்னிப்புக் கேக்க மட்டும் என் பேரா? எடுங்க."

டெஸ்பாட்ச் அண்ணன் ஏதோ பில்லோடு வாசலில் நின்றவர் அப்படியே நின்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அதிகாரியின் மேசைக்குப் போய், டிரேயில் குவிந்து கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். அடியிலிருந்து நாலாவதாக இருந்தது என் டிராஃப்ட். முதலாளி கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு தலைப்பில் விரலை வைத்தார்.

"திங்கக்கெழமை, பத்து நாப்பதுன்னு போட்டிருக்குதுங்களே?"

"எப்பவும் போடுவேன் சார். டெலக்ஸ் காலத்துப் பழக்கம்."

அவர் காகிதத்தை அதிகாரி பக்கம் திருப்பினார். "இங்கிலீஷைச் சரி பண்ணிட்டு இருந்தேன்னீங்களே. இதுல எங்கியும் செவப்பு மையே காணோமுங்க."

உண்மைதான். அதில் ஒரு வட்டம்கூட இல்லை. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்பது அல்ல காரணம். அதை அவர் எடுத்தே பார்க்கவில்லை. என்னுடையது என்றால் அவசரமில்லை என்று அவர் கைக்குப் பழகிப்போயிருந்தது.

"வேற வேலை இருந்தது சார்" என்றார் அதிகாரி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

முதலாளி அவரைத் திட்டவில்லை. என்னிடம் திரும்பி, "நீங்களே எழுதுங்கம்மா" என்றார்.

அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருந்தது. உட்கார்ந்தேன். எனக்கு மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது. திங்கட்கிழமையே தெரிவிக்காததற்கு வருந்துகிறோம், 'சாரி ஃபார் நாட் இன்ஃபார்மிங் யூ'. செய்தி பத்து நாற்பதுக்குத் தயாராகிவிட்டது, இரண்டு நாள் இங்கே ஒரு மேசையில் கிடந்தது. அடுத்த கப்பல் இந்தத் தேதி, ஏற்றியதும் அந்த மணிக்குள்ளேயே சொல்வேன்.

பின்னால் நின்று படித்த முதலாளி தயங்கினார். "மேசையில கெடந்துச்சுன்னெல்லாம் எழுதோணுங்களா?"

"எழுதணும் சார். இல்லைன்னா என் பேரைப் போட மாட்டேன்."

அவர் தாடையைத் தடவினார்.

"செரி, அனுப்புங்க" என்றார். போகும்போது வாசலில் நின்று, "பாஸ்வேர்டை அந்தம்மாகிட்டக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதில் மறுநாள் காலையில் வந்திருந்தது. போர்ச்சுகல்காரருக்குக் கோபம் தீர்ந்திருக்கவில்லை. விலையில் ஏதாவது குறைக்க வேண்டும் என்று முதலாளிக்குத் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் மேலே என் பெயரைப் போட்டு ஆரம்பித்திருந்தார். கடைசியில் இரண்டு வரி.

'தேங்க்ஸ் ஃபார் டெல் மீ த ட்ரூத். ஐ ஆம் ஹேப்பி ஃபார் சீ யுவர் நேம் அகெய்ன்.'

நான் அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை, கண் மறைத்துவிட்டது. அவமானத்துக்கு வராத அழுகை இதற்கு வந்தது. பிரிண்ட் எடுத்தேன். வருகைப் பதிவேடு மேசைக்கு மேலே, பச்சைத் துணிப் பலகையில், முத்துக்கள் குத்துகிற அதே இடத்தில் நாலு மூலைக்கும் நாலு குண்டூசி குத்தி மாட்டினேன்.

டெஸ்பாட்ச் அண்ணன் முதலில் வந்து படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நல்லா எழுதியிருக்காரு தங்கச்சி" என்றார்.

அதிகாரி ஒன்பதேகாலுக்கு வந்தார். கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி இரண்டு வரிக்கு வந்ததும் அவர் கை, பழக்கத்தில், சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. நான் என் நாற்காலியில் இருந்தே சொன்னேன்.

"போடுங்க சார். ரெண்டு இடம் இருக்கு."

பேனா பையிலிருந்து வெளியே வரவில்லை.